ஆளுக்கு ரெண்டு கைப்பிடி பயறு

எல்லாருக்கும் வணக்கம். கடன் வரவு, சேமிப்பு எல்லாம் எழுதி முடிச்சாச்சுன்னு தலைவி சொன்னாங்க. இனிமே அரை மணி நேரம் சோத்துக் கணக்கு பாக்கலாம்.

நேத்து ராத்திரி உங்க வீட்டுச் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போட்டீங்க? "ஒரு ஆழாக்கு"ன்னு அங்க ஒரு அக்கா சொல்றாங்க. எத்தனை பேரு சாப்பிட்டீங்க? ஆறு பேரு, மறுநாள் காலையில பழையதுக்கும் அதே சாம்பாரு. சரி, அந்த ஆழாக்குல 150 கிராம் பருப்புன்னு வைங்க. அதுல புரதம் 33 கிராம் வரும். ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சரை கிராம். அதுவும் சமமாப் பிரிச்சாத்தான். நம்ம வீட்டுல சமமாவா பிரியுது? அவருக்கு அடியில கரண்டிய விட்டு கெட்டியா ஊத்துவோம், அப்புறம் பசங்களுக்கு. கடைசியா நாம உக்காரும்போது சட்டியில மஞ்சத் தண்ணிதான் கிடக்கும்.

55 கிலோ எடையுள்ள பொம்பளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேணும்னு ஐதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. மாசமா இருக்கறவங்களுக்கு கடைசி மூணு மாசத்துல அதுக்கு மேல இன்னும் 22 கிராம் வேணும். நாள் முழுக்க 300 கிராம் அரிசி சாப்பிட்டா 24 கிராம் கிடைச்சிடும். மீதி 22 கிராமுக்குத்தான் வழி பண்ணணும்.

கைய நீட்டுங்க. இந்தத் தட்டுல இருக்கற கொள்ள ஒரு பிடி அள்ளுங்க. ஒரு பிடி சுமாரா 30 கிராம் இருக்கும், அதுல ஆறரை கிராம் புரதம். துவரை, பச்சைப்பயிறு, தட்டப்பயிறு எதை அள்ளினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். காலையில ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி, நடுவுல கொஞ்சம் வேர்க்கடலை. பள்ளம் பெரும்பாலும் அடைஞ்சிடும். கிலோ 100 ரூபாய்னு வாங்கினாக்கூட ஒரு பிடி 3 ரூபாதான். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, அது ஒரு பிடிக்கு ஒரு ரூபாகூட ஆகாது. பசங்களுக்குன்னு வாங்கற பவுடர் டப்பாவத் திருப்பிப் பாருங்க, ஒரு தடவைக்கு எத்தனை கிராம் புரதம்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

பயறுல குறையற சத்து அரிசியிலயும் ராகியிலயும் இருக்கு. அரிசியில குறையற லைசின்ங்கற புரதக் கூறு பயறுல நிறைய இருக்கு. நம்ம பாட்டிமாருங்க களிக்குத் தட்டப்பயிறு கொழம்பு வச்சது சரியான ஜோடி. ஒரு பங்கு பயறுக்கு மூணு பங்கு தானியம்னு வச்சா போதும்.

இன்னிக்கு இங்க அடை சுடறோம். புழுங்கலரிசி ரெண்டு டம்ளர். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, கொள்ளு ஒவ்வொண்ணும் அரை டம்ளர், உளுந்து கால். கொள்ள மட்டும் முந்தின ராத்திரியே ஊறப் போட்டுடுங்க, மத்ததுக்கு நாலு மணி நேரம் போதும். காஞ்ச மிளகாய், சோம்பு, பெருங்காயம் வச்சு கொரகொரப்பா அரைச்சு, வெங்காயமும் ஒரு கை முருங்கைக்கீரையும் கலந்துடுங்க. புளிக்க வைக்க வேண்டாம். சட்னிக்குத் தேங்காய் வேணும்னு இல்ல, தக்காளித் தொக்கு போதும்.

கொள்ளு ஒரு தடவை வேகவச்சா ரெண்டு வேளைக்கு ஆகும். ஊறவச்ச தண்ணியக் கொட்டிடுங்க, வயித்துல காத்து குறையும். ஆனா வேகவச்ச தண்ணியக் கொட்டாதீங்க, அதுல ரசம். வெந்த கொள்ளுல பாதிய பூண்டு, சீரகம், மிளகாய் போட்டு மசிச்சா சோத்துக்கு ஆச்சு, மீதி சாயங்காலம் சுண்டல். ராத்திரியே ஊறப்போட்டா குக்கர்ல சீக்கிரம் வேகும், சிலிண்டரும் மிச்சம்.

முளைகட்டினா புரதம் ரெண்டு மடங்காகும்னு போன்ல வருதாமே? அப்படி ஒண்ணும் ஆகாது. வைட்டமின் சி கூடும், இரும்புச்சத்து உடம்புல சேர்றது சுலபமாகும். அதுக்காக முளைகட்டலாம், புரதத்துக்காக இல்ல. எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க, சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீங்க.

சின்னக் குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முழுச் சுண்டல் குடுக்காதீங்க, தொண்டையில மாட்டிக்கும். மசிச்சோ பொடிச்சோ குடுங்க. சிறுநீரகக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடறவங்க வீட்டுல இருந்தா, அவங்களுக்கு மட்டும் டாக்டரக் கேட்டுட்டுத்தான் பயற கூட்டணும்.

இனி குழு செய்ய வேண்டிய வேலை. தை மாசம் நம்ம பக்கம் கொள்ளும் அவரையும் களத்துக்கு வரும். வியாபாரி வர்றதுக்கு முன்னாடி 16 பேரும் சேர்ந்து மூட்டையா வாங்கினா கடை விலைய விடக் குறைவா வரும். நல்லா வெயில்ல காயவச்சு, வேப்பிலை போட்டு, இறுக்கமா மூடி வைங்க. முழுப் பயறுல வண்டு சீக்கிரம் வரும். அதனால துவரையும் வாங்கினா, அத உடைச்சுப் பருப்பாக்கி வைக்கறது நல்லது.

ஆளுக்கு எத்தனை கிலோ வேணும்னு இன்னிக்கே செயலாளர்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க. பணம் அடுத்த கூட்டத்துல குடுத்தா போதும். கல்லு காஞ்சுடுச்சு, அடை வருது. இன்னிக்கு மொத அடை உங்களுக்குத்தான், வீட்டுக்குன்னு பொட்டலம் கட்டிடாதீங்க.