ஆறு இலக்கம்

புது போனில் வாட்ஸ்அப் திறந்ததும் ஆறு இலக்க ஓடிபி கேட்டது. மரகதம் பாட்டிக்கு மெசேஜே வரவில்லை.

"சிம் பழைய போன்லயே கிடக்கு பாட்டி, ஓடிபி அதுக்குத்தான் போகும்" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி. சேஃப்டி பின்னை ஓட்டையில் நேராகக் குத்தி, தட்டை இழுத்து, சிம்மை மாற்றினாள். ஓடிபி வந்தது. அடுத்து இன்னொரு பின் நம்பர் கேட்டது.

"இது எஸ்எம்எஸ்ல வராது. நீங்க வச்சது."

பாட்டி சொன்ன இரண்டுமே தப்பு. செல்வி நிறுத்திக்கொண்டாள். "மறந்துட்டா, மெயிலும் சேர்க்காததால ஏழு நாள் காத்திருக்கணும்."

"ஏழு நாளா? நாளைக்குப் பேத்திக்குப் பொறந்தநாள்டி!" பாட்டி நிமிர்ந்தார். "அந்தத் தேதிதான்! போடு, 150319."

திறந்தது. "முதல்ல இந்த நம்பரை மாத்தி, மெயிலையும் சேர்த்துடலாம்" என்றாள் செல்வி.

"அப்புறம்டி. முதல்ல அவளைக் கூப்பிடு."