சிறுநீர் உருவாதல்: திருப்புதல் தாள்

கேள்வி: மனிதனில் சிறுநீர் உருவாகும் முறையை விளக்குக. (10 மதிப்பெண். கையில் இருப்பது 18 நிமிடம்: படத்துக்கு 4, எழுத 12, திரும்பப் படிக்க 2.)

தம்பி, உன் நாலு பக்க விடையை இரண்டு முறை படித்தேன். விஷயம் எல்லாம் இருக்கிறது, ஆனால் முக்கியமானது மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 18 நிமிடத்தில் அங்கே போய்ச் சேர முடியாது. அதனால் வரிசையை மாற்றி எண் போட்டிருக்கிறேன். திருத்திய இரண்டு இடங்களுக்கு நட்சத்திரக் குறி.

1. வேலை நடக்கும் அலகு நெஃப்ரான். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம். (கேள்வி அமைப்பைக் கேட்கவில்லை. உன் முதல் பக்கம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.)

2. மூன்று படிகள்: வடிகட்டுதல், மீள உறிஞ்சுதல், சுரத்தல். தொடக்கத்திலேயே எழுதிவிடு.

3. கணக்கு: சிறுநீரகங்களுக்கு நிமிடத்துக்கு 1100–1200 மி.லி. இரத்தம் வருகிறது. அதிலிருந்து 125 மி.லி. வடிகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ சுமார் 1.5 லிட்டர். மீதி 178.5 லிட்டர் எங்கே போனது என்பதுதான் இந்தக் கேள்வியின் உயிர். கீழே உள்ள ஒவ்வொரு குறிப்பையும் இதோடு சேர்த்துப் படி.

4. வடிகட்டுதல், கிளாமருலஸ்: உள்ளே வரும் நுண்தமனி அகலம், வெளியேறும் நுண்தமனி குறுகல். அதனால் இரத்த அழுத்தம் ஏறுகிறது.
தள்ளும் அழுத்தம் 60. எதிர்ப்பது 32 (பிளாஸ்மா புரதங்கள்) + 18 (பௌமானின் கிண்ணம்).
நிகரம்: 60 − 50 = 10 மி.மீ. பாதரசம்.
இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதங்களும் வடியாது.

5. அண்மைச் சுருண்ட நுண்குழல்: குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் ஏறக்குறைய முழுவதும் மீள்கின்றன. சோடியமும் நீரும் சுமார் 65 சதவீதம். சோடியம் ஆற்றல் செலவழித்துக் கடத்தப்படுகிறது, நீர் சவ்வூடு பரவலால் பின்தொடர்கிறது. நுண்விரலிகளும் ஏராளமான மைட்டோகாண்ட்ரியாக்களும் அங்கே இருப்பது இதற்காகத்தான்.

★ "யூரியா மீள உறிஞ்சப்படாது" என்று எழுதியிருந்தாய். தவறு. வடிந்த யூரியாவில் ஏறத்தாழ பாதி மீள்கிறது.

6. ஹென்லே வளைவு. இங்கே நிதானமாக இரு, இந்தப் பாடத்தின் அழகே இதுதான்.
அ) இறங்கு கிளை: நீர் வெளியேறும், உப்பு பெரும்பாலும் வெளியேறாது.
ஆ) ஏறு கிளை: உப்பு வெளியேறும், நீர் வெளியேறாது. ★ நீ இரண்டையும் மாற்றி எழுதியிருந்தாய். "இறங்கினால் நீர், ஏறினால் உப்பு" என்று சொல்லிக்கொள்.
இ) எதிரெதிர் திசை ஓட்டத்தால் திசுத் திரவத்தின் செறிவு, புறணியில் 300 மில்லி ஆஸ்மோல் என்பதிலிருந்து மெடுல்லாவின் அடியில் 1200 வரை உயர்கிறது. இந்தச் செறிவு இல்லாவிட்டால் குறிப்பு 8 நடக்காது. இந்தத் தொடர்பை ஒரு வாக்கியமாகவே எழுது. உன் நாலு பக்கத்தில் இது எங்குமே இல்லை.
ஈ) வாசா ரெக்டா இரத்தக் குழாய்கள் அந்தச் செறிவைக் கலைக்காமல் காக்கின்றன.

7. சேய்மைச் சுருண்ட நுண்குழல்: ஆல்டோஸ்டீரோன் தூண்டினால் சோடியம் மீளும், பொட்டாசியம் வெளியேறும்.

8. சேகரிப்பு நாளம்: உடலில் நீர் குறைந்தால் பின் பிட்யூட்டரி ஏ.டி.எச். ஹார்மோனை விடுவிக்கிறது. நாளச் சுவர் நீரை விடும், செறிந்த மெடுல்லா அதை இழுக்கும், சிறுநீர் அடர்த்தியாகும். ஹார்மோன் குறைந்தால் நீர்த்த சிறுநீர்.

9. சுரத்தல்: ஹைட்ரஜன் அயனி, பொட்டாசியம், அம்மோனியா ஆகியவை நுண்குழலுக்குள் செலுத்தப்படுகின்றன. பயன்: அமில-காரச் சமநிலை.

10. கேள்வியில் "கட்டுப்பாடு" என்ற சொல் இருந்தால் மட்டும்: இரத்த அழுத்தம் குறைவு → ரெனின் → ஆஞ்சியோடென்சின் II → ஆல்டோஸ்டீரோன் → சோடியம், நீர் மீளல் → அழுத்தம் உயர்வு.

படம்: ஒரே ஒரு நெஃப்ரான், பென்சிலில். பாகங்கள் ஆறு: கிளாமருலஸ், பௌமானின் கிண்ணம், அண்மைக் குழல், ஹென்லே வளைவு, சேய்மைக் குழல், சேகரிப்பு நாளம். ஹென்லேயின் இரு கிளைகளிலும் அம்புக்குறி போட்டு "நீர்", "உப்பு" என்று எழுதிவிடு.

விட்டுவிட்டவை: சிறுநீரகத்தின் எடை, நிறம், சிறுநீர்ப்பையின் கொள்ளளவு, டயாலிசிஸ் பற்றிய பத்தி. டயாலிசிஸ் பத்தியை நன்றாக எழுதியிருக்கிறாய், தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அது வேறு கேள்விக்கு உதவும்.