பராமரிப்பு டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பம்

18 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஜூருவில் உள்ள உங்கள் மசாலா ஆலைக்குப் பராமரிப்பு டெக்னீஷியன் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டு ஒன்பது மாதம் அதே வேலையைத்தான் பார்த்தேன். இப்போது வேலையில் இல்லை. காரணம் இது:

நான் பார்த்துவந்த பொருளின் தயாரிப்பு வேறு நாட்டிலுள்ள ஆலைக்கு மாறியதால், ஐந்து லைனில் இரண்டை மூடினார்கள். அதில் ஆட்குறைப்பு செய்யப்பட்ட 38 பேரில் நானும் ஒருவன். மார்ச் 5ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தார்கள். எட்டு வாரமும் வேலை செய்து ஏப்ரல் 30ஆம் தேதி வெளியேறினேன்.

பன்னிரண்டு டெக்னீஷியன்களில் ஏழு பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அப்படியென்றால் நான் ஏன் என்று கேட்கத் தோன்றும். லைன் கணக்கில்தான் முடிவெடுத்தார்கள். கடைசி இரண்டு ஆண்டும் நான் ஐந்தாவது லைனில் இருந்தேன். மற்ற லைனுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன், இடம் இல்லை. ஆண்டுக்கு 20 நாள் சம்பளக் கணக்கில் சேரவேண்டிய தொகை முழுவதும் வந்துவிட்டது. தொழிலாளர் இலாகாவில் நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை. ஆட்குறைப்புக் கடிதமும் கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டும் இணைத்திருக்கிறேன். என் பழைய சூப்பர்வைசரின் எண் சுயவிவரத்தில் இருக்கிறது. நீங்கள் அழைக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த ஏழு வாரமாக வேறெங்கும் சேரவில்லை. சொக்சோவின் வேலைக் காப்புறுதியில் பதிந்திருக்கிறேன். வேலை கிடைத்ததும் அவர்களுக்கு நானே தெரிவித்துவிடுவேன்.

இனி வேலையைப் பற்றி. உணவு ஆலையில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் உங்கள் பேக்கிங் இயந்திரத்தில் உள்ள ஹீட்டர், நியூமேட்டிக் சிலிண்டர், போட்டோ சென்சார், பிஎல்சி எல்லாம் நான் தினமும் தொட்டவை. அங்கே எங்கள் எதிரி ஈயப் பசை, இங்கே மசாலாத் தூள். சீல் போடும் இடத்தில் தூள் படிந்தால் பாக்கெட்டின் வாய் சரியாக ஒட்டாது. உடனே சூட்டைக் கூட்டத்தான் கை போகும். கூட்டினால் பிலிம் கருகும், கசிவு நிற்காது. முதலில் பார்க்க வேண்டியது, தூளைத் தள்ளும் திருகு நின்ற பிறகும் தூள் சிந்துகிறதா, தாடை அதற்கு முன்பே மூடிவிடுகிறதா என்பது. அதன்பிறகு டெஃப்லான் துணி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் எந்த ஓரத்தில் குமிழி வருகிறதோ அங்கேதான் கோளாறு. பாக்கெட்டை வெட்டும் இடம் மெல்ல மெல்ல நகர்ந்தால், செட்டிங்கை மாற்றுவதற்கு முன் அச்சுக் குறியைப் படிக்கும் சென்சாரின் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பேன். பினாங்கு ஈரக்காற்றில் கம்ப்ரெசர் லைனில் தண்ணீர் சேரும். வடிகட்டிக் கிண்ணத்தை ஒவ்வொரு ஷிஃப்டிலும் காலி செய்யாவிட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும்.

அரைக்கும் இயந்திரம் எனக்குப் புதிது. அதன் பேரிங், பெல்ட் வேலை தெரியும்; சல்லடை மாற்றுவதையும் உணவு ஆலையில் சுத்தம் செய்யும் முறையையும் உங்களிடமிருந்துதான் கற்க வேண்டும். மின்சாரப் பிரிவில் எஸ்கேஎம் மூன்றாம் நிலைச் சான்றிதழ் வைத்திருக்கிறேன்.

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம் 3,400 ரிங்கிட். உங்களிடம் 2,900 கேட்கிறேன். அங்கே இரவு ஷிஃப்டும் இருந்தது, இங்கே பகல் வேலை மட்டும் என்பதால் குறைத்துக் கேட்கிறேன். வேறு வேலை கிடைக்கும்வரை ஒப்பேற்றும் எண்ணம் இல்லை. வேண்டுமானால் மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் சம்பளத்தைப் பேசிக்கொள்ளலாம்.

பட்டர்வர்த்தில் இருக்கிறேன், ஜூருவுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துவிடலாம். ஜூன் 23ஆம் தேதி திங்கட்கிழமை முதல் எந்த நாளும் வேலை தொடங்க முடியும். அதற்கு முன் ஒரு நாள் காலையில் உங்கள் இயந்திரத்தில் கைவைத்துக் காட்டச் சொன்னாலும் வருகிறேன். பேக்கிங் நின்றிருக்கும் நேரமாக இருந்தால் நல்லது, திறந்து பார்க்கலாம்.

இந்த எண்ணிலேயே அழைக்கலாம், வாட்ஸ்அப்பிலும் எழுதலாம்.

பணிவுடன்,
குமரன்
பட்டர்வர்த்