இணைய வங்கிச் சேவையின் முடக்கத்தை நீக்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்: கு. சரஸ்வதி, ஓய்வு பெற்ற ஆசிரியை
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்

பொருள்: இணைய வங்கிச் சேவையின் முடக்கத்தை நீக்கி, உள்நுழைவு விவரங்களை மாற்றித் தர வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கிளையில் 4182 என முடியும் சேமிப்புக் கணக்கை 1998 முதல் வைத்திருக்கிறேன். என் ஓய்வூதியமும் இதில்தான் வரவாகிறது. இம்மாதம் 9ஆம் தேதி மாலை, கடவுச்சொல்லை மூன்று முறை தவறாக உள்ளிட்டதால் என் இணைய வங்கிச் சேவை முடங்கிவிட்டது. மீட்க முயன்றபோதுதான், ஒருமுறைக் கடவுச்சொல் நான் கைவிட்டுவிட்ட பழைய கைப்பேசி எண்ணுக்குச் செல்வதை அறிந்தேன். அந்த எண் இப்போது வேறொருவர் கையில் இருக்கக்கூடும் என்பதே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

ஆகவே, முதலில் அந்த எண்ணை நீக்கி, இணைத்துள்ள படிவத்தில் குறித்திருக்கும் புதிய எண்ணைப் பதிவு செய்து, அதன் பின்னரே முடக்கத்தை விலக்கி, உள்நுழைவுக் கடவுச்சொல்லையும் பரிவர்த்தனைக் கடவுச்சொல்லையும் புதிதாக அமைத்துக்கொள்ள வழிசெய்யுமாறு வேண்டுகிறேன். புதிய விவரங்களைத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டாம். அடையாளச் சான்றின் மூலப்படியுடன் நேரில் வந்து, தங்கள் அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்கிறேன். மருந்துச் செலவுக்கான தொகையை 25ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால், வர வேண்டிய நாளை விரைவில் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இணைப்பு: கைப்பேசி எண் மாற்றப் படிவம், அடையாளச் சான்றின் நகல், கணக்குப் புத்தக முதல் பக்க நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. சரஸ்வதி