பூச்சி தின்ற புள்ளி

"தாத்தா, கூட்டல் உதைக்குது. மூணு தடவை பார்த்துட்டேன்."

பேத்தி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். பழைய பேரேடுகளின் புகைப்படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்வது அவள் வேலை. 34 வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டிலேயே இருக்கும்போது சும்மா விடுவாளா?

பக்கத்தின் அடியில் மையால் எழுதியிருந்த மொத்தம் 412.80. அவள் தட்டியதற்கு வந்ததோ 1645.35.

வித்தியாசம் 1232.55. அதை ஒரு துண்டுத்தாளில் 99-ஆல் வகுத்தார். 12.45. மீதியே இல்லை.

"புள்ளி விட்டுப்போச்சும்மா. ஒரு தொகை நூறு மடங்கு ஏறினா, வித்தியாசம் 99-ல சரியா வகுபடும். 1245-னு எங்கயாவது தட்டியிருக்கியா பாரு."

17-வது வரியில் இருந்தது. "படத்துலயும் அப்படித்தான் இருக்கு," என்றாள், கொஞ்சம் ரோஷமாக.

"பெரிசு பண்ணு."

எழுத்து திரை முழுக்க விரிந்தது. 2-க்கும் 4-க்கும் நடுவே கடுகளவு துளை. ஓரம் பழுத்து, உள்ளே அடுத்த தாளின் வெளுப்பு தெரிந்தது. பூச்சி வேறெதையும் தொடவில்லை. புள்ளியை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது. அந்தக் காலத்து குமாஸ்தாவைச் சந்தேகப்பட்டதற்காக அவருக்கு லேசாகக் கூச்சமாக இருந்தது.

அவள் திருத்திவிட்டு மூடப் போனாள்.

"இரு, இரு. பூச்சி ஒரு தாளோட நிக்காது. அடுத்த படத்தைத் திற."