ஒரே குடை, நாலு கேப்ஷன்

படம் இது: கொட்டும் மழை, நடுத்தெரு. ஒருவர் கையில் குடை. காற்று அடித்த அடியில் குடை மேல்பக்கமாகத் திரும்பிக் கிண்ணம்போல நிற்கிறது. ஆள் தொப்பலாக நனைந்திருக்கிறார், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. அவர் முதலில் எழுதிவைத்த கேப்ஷன்:

“வேலை முடிந்து வரும்போது பலத்த காற்றில் குடை திரும்பிவிட்டது. முழுக்க நனைந்துவிட்டேன்.”

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் படத்தில் தெரிவதையே வாசித்துக் காட்டுகிறது. இதையே நாலு விதமாக மாற்றிப் பார்த்தோம்.

வேடிக்கையாக:

“மழைய தடுக்கச் சொன்னா, இந்தக் குடை மழைய புடிச்சு வைக்குது. வீட்டுக்கு வந்து பார்த்தா அரை வாளி தேறுச்சு!”

கவித்துவமாக:

“இத்தனை நாள்
வானத்துக்கு முதுகு காட்டிய குடை
இன்று மடி விரித்தது.”

குத்தலாக:

“ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்காரர். வாக்குத் தவறாத மனிதர். சொட்டாக வரவே இல்லை, மொத்தமாக வந்தது.”

சுருக்கமாக:

“குடை இருந்தது.”

வேடிக்கையானதும் குத்தலானதும் இரண்டுமே சிரிக்க வைப்பவை, ஆனால் சிரிப்பு போய் விழும் இடம் வேறு. முதலாவதில் யார் மனமும் நோகாது, குடைதான் கோமாளி. இரண்டாவதில் ஓர் ஆள் மாட்டிக்கொள்கிறார். அவரைத் திட்டவே இல்லை, பாராட்டுகிறோம். பழைய இலக்கணக்காரர்கள் வஞ்சப்புகழ்ச்சி என்று தனி அணியாகவே வைத்த வித்தை இது. “வாக்குத் தவறாத மனிதர்” என்பதை எடுத்துவிட்டால் வெறும் புகார்தான் மிஞ்சும்.

நடையை மாற்றிப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு. வேடிக்கையை எழுத்து நடையில் “மழையைத் தடுக்கச் சொன்னால், இக்குடை மழையைப் பிடித்து வைக்கிறது” என்று எழுதுங்கள். குடையின் பயன் பற்றிய கட்டுரை மாதிரி ஆகிவிடும். சிரிப்பு அந்தப் “புடிச்சு”விலும் “தேறுச்சு”விலும்தான் இருக்கிறது. குத்தல் நேர் எதிர். அதைப் பேச்சு நடையில் இறக்கினால் எரிச்சல் வெளியே தெரிந்துவிடும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னால்தான் குத்தும். கடைசியில் ஒரு சிரிக்கும் ஈமோஜி போட்டால், “சும்மா சொன்னேங்க” என்று நாமே பின்வாங்கிய மாதிரி. வேடிக்கைக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், எனக்கு அங்கேயும் பிடிக்காது.

குத்தலுக்கு இன்னொரு தொல்லை: அது நீளம். இன்ஸ்டாகிராம் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக்குறிகள் வரை அனுமதித்தாலும், பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது ஆரம்ப வரிகள் மட்டும். மீதி மடிப்புக்குள் போய்விடும். “மொத்தமாக வந்தது” மறைந்துபோனால், கடைக்காரரை நிஜமாகவே பாராட்டியதாக ஆகிவிடும்! அதனால் முன்னே ஒரு சொல்லையும் சேர்க்கக்கூடாது.

கவித்துவமானதில் “நான்” இல்லை, நனைந்தவர் இல்லை, காற்றுகூட இல்லை. தானாக நடந்த ஒன்றைக் குடையே விரும்பிச் செய்ததாக ஏற்றிச் சொல்கிறது. முதல் வரைவில் “மழையும் வந்து அமர்ந்தது” என்று நாலாவது வரி இருந்தது. மடி விரித்த பிறகு வந்து உட்காருவது யார் என்று சொல்லவேண்டியதில்லை, வெட்டியாயிற்று. ஒரே ஒரு சிக்கல்: அந்த அசட்டுச் சிரிப்பு. படம் கலகலவென்று இருக்க, எழுத்து மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. ஆள் இல்லாமல் குடையை மட்டும் எடுத்த படமாக இருந்தால் இதைத்தான் போடச் சொல்வேன். படமே இல்லாமல் தனியாக நிற்கச் சொன்னாலும் நாலில் இது நன்றாகவே நிற்கும்.

“குடை இருந்தது” அப்படியல்ல. படத்தை எடுத்துவிட்டால் அது ஒன்றுமே இல்லை. படத்தோடு பார்த்தால், அந்த இறந்தகாலம் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. “நனைந்தேன்” என்று ஒரே சொல்லாகவும் சுருக்கலாம்தான். ஆனால் அது படத்தில் இருப்பதையே திரும்பச் சொல்வது. சொல் குறைந்தாலும் சுருக்கம் ஆகாது. மீதியை வாசிப்பவரே முடித்துக்கொள்ள ஒரு இடம் விட வேண்டும்.

படத்தைப் பார்க்க முடியாமல் திரைவாசிப்பான் மூலம் கேட்கிறவருக்கு இந்த இரண்டு சொல்லும் புதிராகத்தான் இருக்கும். அதனால் இதைப் போடுவதாக இருந்தால், படத்துக்கான மாற்று உரையில் “பலத்த மழையில், காற்றில் மேல்பக்கமாகத் திரும்பிய குடையோடு நனைந்து சிரிக்கும் ஒருவர்” என்று விவரமாக எழுதிவிட வேண்டும்.

என் ஓட்டு இதற்குத்தான். குடும்பக் குழுவில் பகிர்வதென்றால் அரை வாளியை அனுப்பலாம், பெரியவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும். கடைக்காரர் நண்பர்கள் பட்டியலில் இல்லை என்று உறுதியானால் குத்தலானது.