செல்விக்கு, கடைக்கு வர்ற வழி

ஏ செல்வி, சனிக்கிழம வர்றேன்னு சொன்னதுலருந்து இங்க ஒரே சந்தோசம்டி. நம்ம கடை திருப்பரங்குன்றத்துல இருக்கு, மதுர உனக்குப் புதுசு, அதான் வெவரமா எழுதுறேன்.

திருச்சி பஸ்ஸு மாட்டுத்தாவணியில எறக்கி விடும். ஆட்டோக்காரங்க சூழ்ந்துக்குவாங்க, காதுல வாங்காத, டவுன் பஸ் நிக்கிற பக்கம் எங்கன்னு கேட்டுப் போயி பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஏறு. முன்னாடி பிங்க் பெயின்ட் அடிச்ச பஸ்ஸா பாத்து ஏறு, நமக்கு ஃப்ரீ. கோரிப்பாளையம், சிம்மக்கல்னு ஊருக்குள்ள நெரிசல்ல ஊந்துகிட்டுதான் வரும், பொறுத்துக்க.

பெரியார்ல எறங்கி திருப்பரங்குன்றம் பஸ் மாறணும். திருமங்கலம் போற டவுன் பஸ்ஸும் அந்த வழிதான், ஆனா பைபாஸ்ல போயிருமான்னு ஏறுறதுக்கு முன்னாடியே கண்டக்டர்ட்ட கேட்டுரு. மாட்டுத்தாவணியிலயே நேர் பஸ்ஸு மாட்டுனா இந்த மாறுற வேலையே இல்ல, அது உன் அதிர்ஷ்டம்.

திருப்பரங்குன்றம் ஸ்டாப்ல எறங்குனதும் மலை தெரியும், கோயில் அதோட அடிவாரத்துலதான், அதப் பாத்தே நடந்து சன்னதித் தெருவுக்கு வந்துரு. பூக்கடைக்காரம்மாக்கள் செருப்ப இங்க விடுன்னு கூப்புடுவாங்க, விட்டா பூவும் வாங்கணும், சிரிச்சுகிட்டே வந்துரு. கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வலது பக்கம் ஒரு பாத்திரக்கடை, அத ஒட்டுன சந்துல மூணாவது கடை நம்மது. போர்டு இன்னும் மாட்டல, வாசல்ல பச்சக் கலர் பிளவுஸ் போட்ட பொம்ம நிக்கும்.

மத்தியானம் கோயில் நட சாத்திருவாங்க, அதுனால காலையிலயே வா, சாமி பாத்துட்டு சாப்புடலாம். பெரியார்ல ஏறுனதும் ஒரு மிஸ்டு கால் குடு.

கவிதா